போன் திரை தொட்டால் கேட்கவில்லையா, தானாகவே தட்டுகிறதா? சாஃப்ட்வேர் கோளாறா, ஹார்ட்வேர் கோளாறா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழி

தொடுதிரை மக்கர் செய்யத் தொடங்கியதும் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். போனை ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் நேராகக் கடைக்குப் போய் டிஸ்ப்ளே மாற்றச் சொல்கிறார்கள். ரீசெட் போட்டவருக்குப் படங்களும் சாட்களும் போய்விடும், திரை அப்படியேதான் இருக்கும். டிஸ்ப்ளே மாற்றியவரில் சிலருக்கு, புதிய டிஸ்ப்ளேயிலும் இரவு சார்ஜில் போட்டதும் போன் மறுபடி தானாகத் தட்ட ஆரம்பிக்கும். கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே வைத்தியம் தொடங்கியதால் வருகிற செலவு இது.

கோளாறு எதோடு ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் எப்போதும் வருகிறதா? குறிப்பிட்ட ஆப் திறந்திருக்கும்போதுதான் வருகிறதா? சார்ஜர், ஈரம் மாதிரி வெளியிலிருந்து ஏதாவது சேரும்போதுதான் வருகிறதா? கீழே சொல்லும் சோதனைகள் எல்லாம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான். ஆண்ட்ராய்டு போனை வைத்தே சொல்கிறேன், ஐபோனைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

சோதனைக்கு முன்னால் இரண்டு பாதுகாப்பு வேலைகள்

போனைப் பக்கவாட்டில் பிடித்து, திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் எங்காவது இடைவெளி விட்டிருக்கிறதா, பின்மூடி புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மேசைமேல் மல்லாக்க வைத்தால் ஆடுகிறதா என்றும் பாருங்கள். உள்ளே பேட்டரி உப்பினால் அது டிஸ்ப்ளேயைப் பின்னாலிருந்து தள்ளும், அதனாலேயே டச் தவறும், தானாகவும் தட்டும். அப்படி இருந்தால் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், திரையை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். அணைத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். லித்தியம் பேட்டரி உப்பிய பிறகு அழுத்தினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கும்.

இரண்டாவது, தானாகத் தட்டுகிற போன் யாருக்காவது கால் போடும், மெசேஜ் அனுப்பும், பூட்டுத் திரையில் தவறான பின் நம்பரைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தன்னையே பூட்டிக்கொள்ளும். தட்டல் ஆரம்பித்ததும் பவர் பட்டனை அழுத்தித் திரையை அணையுங்கள். வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப் எதையும் திறந்து வைத்திருக்காதீர்கள்.

திரை விரலை எப்படி உணர்கிறது

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் சோதனைகள் எளிதாகப் புரியும். திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் மிகச் சிறிய மின்கொள்ளளவு இருக்கிறது. விரல் பக்கத்தில் வந்தால் அந்த அளவு மாறும். டச் கட்டுப்பாட்டுச் சில்லு அந்த மாற்றத்தை நொடிக்குப் பல முறை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு ஆண்ட்ராய்டுக்குச் சொல்கிறது. ஆண்ட்ராய்டு அதைத் திறந்திருக்கும் ஆப்புக்குக் கொடுக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒரு மின்கோடு அறுந்தால் திரையில் ஒரு பட்டை முழுவதும் செத்துப்போகும், பெரும்பாலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை நேராக. எந்த சாஃப்ட்வேர் கோளாறும் வழக்கமாக அப்படி ஒரு வடிவத்தில் வராது. அடுத்து, சில்லு அளப்பது மிகச் சிறிய மின்மாற்றம் என்பதால், தண்ணீரும் மோசமான சார்ஜரும் அதை எளிதாக ஏமாற்றும்.

வெளிக் காரணங்களை முதலில் கழியுங்கள்

போனை அணைத்து, திரையை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், கையையும் துடைத்துக்கொள்ளுங்கள். மழைத்துளி, வியர்வை, சமையலறை ஈரம் எல்லாம் திரைக்கு விரல் மாதிரியே தெரியும். துடைத்ததும் சரியானால் கோளாறே இல்லை. போன் தண்ணீரில் விழுந்து சில நாள் கழித்துத் தொந்தரவு தொடங்கியிருந்தால் கதை வேறு. உள்ளே போன ஈரம் கனெக்டரை அரிக்கத் தொடங்கியிருக்கும். அரிசிக்குள் புதைத்து வைப்பது இதற்கு உதவாது, திறந்து சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்தது டெம்பர்டு கிளாஸ். வளைந்த விளிம்புள்ள போன்களுக்கு விற்கும் மலிவான கண்ணாடிகளில் பசை ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். நடுவில் மெல்லிய காற்று இடைவெளி நிற்கும். அந்த இடைவெளிதான் நடுத்திரையில் டச் பிடிக்காததற்குக் காரணம், போன் குற்றமற்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். கண்ணாடிக்கு ஆகும் செலவைப் பார்த்து இந்தப் படியைத் தாண்டுபவர்கள் அதிகம், ஆனால் டிஸ்ப்ளேயின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. சாம்சங் போன்ற சில போன்களில் `Touch sensitivity` என்று ஒரு அமைப்பு உண்டு. தடித்த கண்ணாடி ஒட்டியவர்களுக்காகவே வைத்தது. அதைப் போட்டதும் சரியானால் பெரும்பாலும் கண்ணாடிதான் காரணம்.

சார்ஜர்தான் இந்தப் பகுதியிலேயே கவனமாகப் பார்க்க வேண்டியது. நல்ல சார்ஜர் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டிவிட்டுத்தான் போனுக்கு அனுப்பும். மலிவான சார்ஜரில் அந்த வடிகட்டல் சரியாக இருக்காது. இரைச்சல் போன் முழுவதும் ஏறி நிற்கும். நீங்கள் விரல் வைத்ததும் உங்கள் உடல் வழியாக அதற்கு ஒரு பாதை கிடைக்கும், சில்லு அதை மின்மாற்றமாக எடுத்துக்கொள்ளும். அதனால் இந்தக் கோளாறு விரல் திரையில் இருக்கும்போது அதிகமாகத் தெரியும். ஒரு எழுத்தைத் தொட்டால் அதே வரிசையில் வேறு எழுத்துகளும் விழும், ஸ்க்ரோல் துள்ளும்.

சோதிப்பது சுலபம். சார்ஜரைக் கழற்றினால் தொந்தரவு உடனே நிற்கிறதா? நின்றால், அதே கேபிளைப் பவர்பேங்கில் செருகிப் பாருங்கள். பவர்பேங்க் வீட்டு மின்சாரத்தோடு இணைந்ததே அல்ல, அதனால் அந்த இரைச்சல் அதில் வராது. பவர்பேங்கில் நன்றாக இருந்து சுவர்ச் சார்ஜரில் மட்டும் வந்தால் சார்ஜரை மாற்றுங்கள். எந்த சார்ஜர், எந்தக் கேபிள், பவர்பேங்க் என்றாலும் சார்ஜ் ஏறும்போது மட்டும் வந்தால், சார்ஜிங் பகுதியையோ பேட்டரியையோ கடையில் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் முதலில் டிஸ்ப்ளேயை மாற்றக் கூடாது.

டச் செத்துவிட்டதா, போன் உறைந்துவிட்டதா?

திரை எதற்குமே அசையவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். நிமிடம் மாறுகிறது, பவர் பட்டனை அழுத்தினால் திரை அணைந்து எரிகிறது, ஒலிப் பட்டனுக்கு ஒலி அளவு மாறுகிறது என்றால் போன் உயிரோடு இருக்கிறது, டச் மட்டும்தான் வேலை செய்யவில்லை. கடிகாரமும் நின்றிருந்தால் போன் உறைந்திருக்கிறது. பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து பத்து இருபது விநாடி பிடித்தால் பல போன்கள் கட்டாயமாக ரீஸ்டார்ட் ஆகும், சிலவற்றுக்குப் பவர் பட்டன் மட்டும் போதும். அதன் பிறகு நன்றாக ஓடினால் டச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று உண்டு. ஒரு முறை தொட்டால் எதுவும் திறக்கவில்லை, தொட்ட இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் வருகிறது, போன் பேசுகிறது என்றால் அது டாக்பேக். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வசதி. பல போன்களில் இரண்டு ஒலிப் பட்டன்களையும் சில விநாடி சேர்த்து அழுத்தினால் அது தானாக இயங்கத் தொடங்கும்படி வைத்திருக்கிறார்கள். பையிலோ குழந்தை கையிலோ இருக்கும்போது அழுந்தி ஆன் ஆகிவிடும். அதே இரண்டு பட்டன்களையும் மறுபடி மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாவிட்டால், ஒரு தடவை தொட்டுத் தேர்ந்தெடுத்து இரண்டு தடவை தட்டித் திறப்பது, இரண்டு விரலால் ஸ்க்ரோல் செய்வது என்ற அதன் முறைப்படியே `Settings` → `Accessibility` → `TalkBack` வரை போய் அணைக்கலாம்.

முக்கியமான சோதனை: கோடு போட்டுப் பார்ப்பது

ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது, தனியாக ஆப் எதுவும் இறக்க வேண்டாம். `Settings` → `About phone` போய், `Build number` என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். சாம்சங்கில் அது `Software information` என்பதற்குள் இருக்கும். போனின் பின் நம்பரைக் கேட்டால் கொடுங்கள். இப்போது `Developer options` என்று புதிதாக ஒன்று வரும். சில போன்களில் அது `System` என்பதற்குள்ளும், சிலவற்றில் அமைப்புகளின் கடைசியிலும், சிலவற்றில் `Additional settings` என்பதற்குள்ளும் இருக்கும். அதற்குள் `Input` என்ற தலைப்பைத் தேடி, `Pointer location` என்பதை மட்டும் ஆன் செய்யுங்கள். அங்கே இருக்கும் வேறு எதையும் தொட வேண்டாம்.

ஆன் செய்ததும் திரையின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டை வரும். அதில் `P: 0 / 1` மாதிரி ஒன்று தெரியும். முதல் எண் இப்போது எத்தனை விரல் திரையில் இருப்பதாகப் போன் நினைக்கிறது என்பது. விரலை இழுத்தால் அதன் பாதை கோடாக வரையப்படும்.

போனைச் சார்ஜில் இல்லாமல், டெம்பர்டு கிளாஸ் இல்லாமல், மேசைமேல் வைத்துத் தொடாமல் சில நிமிடம் பாருங்கள். முதல் எண் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். யாரும் தொடாமல் அது ஒன்றாகவோ இரண்டாகவோ மாறி, திரையில் கோடுகள் தோன்றினால், எங்கே தோன்றுகின்றன என்று கவனியுங்கள். ஒரே நேர்கோட்டில், ஒரே ஓரத்தில், விரிசல் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்தால் டிஸ்ப்ளேயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு விரலை மெதுவாக, ஒரே அழுத்தத்தில், மேலிருந்து கீழாக இழுங்கள். இடது ஓரத்தில் தொடங்கி, விரல் அகலம் தள்ளித் தள்ளி வலது ஓரம் வரை போங்கள். அடுத்து இடமிருந்து வலமாக, உச்சியிலிருந்து அடிவரை. பின்னால் ஆப்கள் நகர்ந்தால் நகரட்டும், நமக்குக் கோடுதான் முக்கியம். இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. புதிய தொடுதல் தொடங்கியதும் இந்தக் கருவி பழைய கோட்டை அழித்துவிடும். அதனால் செத்த பட்டையை விரல் கடந்தால் நடுவில் இடைவெளி விட்ட கோடு தெரியாது. அதுவரை வரைந்தது சட்டென்று மறைந்து, பட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து புதுக் கோடு தொடங்கும். விரலை எடுக்காமலே கோடு மறைந்த இடம்தான் நீங்கள் தேடுவது. இடைவெளியை அப்படியே நிரந்தரமாகப் பார்க்க வேண்டுமானால், வரையும் ஆப் ஒன்றைத் திறந்து திரை முழுவதும் தீட்டிவிட்டு, தீட்டாமல் நிற்கும் பட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிடைத்ததைப் படிப்போம். எல்லா இடத்திலும் கோடு வழவழவென்று வருகிறது, ஆனாலும் ஆப்பில் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், திரை தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. கோளாறு அதற்கு மேலே, சாஃப்ட்வேரில். கோடு வருகிறது, ஆனால் பின்னால் இருக்கும் ஆப் ஒரு விநாடி கழித்துத்தான் அசைகிறது என்றால் போன் மந்தமாகிவிட்டது. சேமிப்பிடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் கோடு அறுகிறது என்றால், அல்லது அங்கே மட்டும் ரம்பம்போல் நெளிகிறது என்றால், அடுத்த சோதனைக்குப் போங்கள்.

போனைத் திருப்பிப் பாருங்கள்

தானாகத் திரும்பும் வசதியை ஆன் செய்து, போனைப் படுக்கைவாட்டில் திருப்பி, அதே கோடுகளைப் போடுங்கள். அறுகிற இடம் கண்ணாடியில் அதே இடத்தில் நிற்கிறதா? உதாரணமாக, சார்ஜர் துளையிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இருந்த பட்டை, திருப்பிய பிறகும் அதே நான்கு விரல் தூரத்தில் இருக்கிறதா? இருந்தால் அது ஹார்ட்வேர். திரைப் படத்தோடு சேர்ந்து தொல்லையும் இடம் மாறியது என்றால், ஏதோ ஒரு ஆப் கண்ணுக்குத் தெரியாத ஜன்னலை மேலே விரித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதையே உறுதிசெய்ய ஒரு மவுஸ் போதும். ஓடிஜி அடாப்டர் வழியாகக் கணினி மவுஸைப் போனில் செருகினால் திரையில் அம்புக்குறி வரும். விரலுக்குக் கேட்காத அந்த இடத்தில் மவுஸால் சொடுக்குங்கள். மவுஸுக்குக் கேட்டால் டச் அடுக்குதான் பழுது. மவுஸுக்கும் கேட்கவில்லை என்றால் டச்சில் குறையில்லை, சாஃப்ட்வேர்தான் தொடுதலை விழுங்குகிறது. சில பிராண்டுகளில் ஓடிஜியை அமைப்புகளில் ஆன் செய்தால்தான் மவுஸ் வேலை செய்யும். அதனால் டச் கொஞ்சமாவது ஒத்துழைக்கும்போதே அதை ஆன் செய்துவிடுங்கள்.

சேஃப் மோடு எதைச் சொல்லும்

தானாகத் தட்டுகிற போனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்டோ கிளிக்கர் வகை ஆப் போடுகிற பொய்த் தட்டலும் `Pointer location` கோட்டில் உண்மைத் தட்டல் மாதிரியே தெரியக்கூடும். ஆகவே அந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, சேஃப் மோடும் வேண்டும். பவர் மெனுவைக் கொண்டுவந்து, `Power off` என்பதை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் `Safe mode` என்று கேட்கும். வேறு சிலவற்றில் போன் ஆன் ஆகும்போது லோகோ வந்ததும் ஒலி குறைக்கும் பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே நுழைந்தால் திரையின் மூலையில் `Safe mode` என்று எழுதியிருக்கும். நீங்கள் இறக்கிய ஆப் எதுவும் அதில் ஓடாது, போனோடு வந்தவை மட்டும் ஓடும். முகப்பில் வைத்த விட்ஜெட்டுகள் சில கலைந்துபோகலாம், அவற்றை மறுபடி வைத்துக்கொள்ளலாம். வெளியே வர ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

கோளாறு வழக்கமாக எவ்வளவு நேரத்தில் தலைகாட்டுமோ, அதைவிட அதிக நேரம் சேஃப் மோடில் வைத்திருங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது தவறு. அங்கே வரவே இல்லை என்றால் இறக்கிய ஆப்தான் காரணம். திரும்பி வந்து `Settings` → `Apps` → `Special app access` → `Display over other apps` பட்டியலையும், `Accessibility` பக்கத்தில் அனுமதி பெற்ற ஆப்களையும் பாருங்கள். திரை மங்கலாக்கும் ஆப், மிதக்கும் பட்டன், ஆட்டோ கிளிக்கர், எங்கிருந்தோ வந்த கிளீனர் ஆகியவைதான் முதலில் நீக்க வேண்டியவை. ஆண்ட்ராய்டு 12 முதல், வேறொரு ஆப் போட்ட அடர்த்தியான திரைப்போர்வை வழியாக அடியில் இருக்கும் ஆப்புக்குப் போகும் தொடுதலைப் பாதுகாப்புக் கருதி ஆண்ட்ராய்டே தடுத்துவிடுகிறது. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையை மங்கலாக்கும் ஆப் போட்டவர்களுக்குத் திரை திடீரென்று கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சேஃப் மோடிலும் அப்படியே இருந்து, கண்ணாடியில் அதே இடத்தில் நின்றால் ஹார்ட்வேர். சேஃப் மோடிலும் இருக்கிறது, ஆனால் திரை முழுவதும் பரவலாக, இடமே இல்லாமல் வருகிறது, சிஸ்டம் அப்டேட் போட்ட அன்றே தொடங்கியது என்றால், டச் சில்லுக்கான சாஃப்ட்வேரில் குறை இருக்கலாம். நிறுவனத்தின் அடுத்த அப்டேட்டுக்குப் பாருங்கள், சர்வீஸ் மையத்தில் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்றச் சொல்லுங்கள். ஃபேக்டரி ரீசெட் உங்கள் தரவை அழிக்குமே தவிர, சில்லின் சாஃப்ட்வேரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகாது.

ஒரு போனின் கதை

பக்கத்து வீட்டு அக்கா ஒருவரின் போனில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது `a`, `s`, `d` வரிசை மட்டும் விழவில்லை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் நன்றாக இருந்தன. கீபோர்டு ஆப்தான் கெட்டுவிட்டது என்று வேறு கீபோர்டு போட்டிருக்கிறார், சரியாகவில்லை. ஒரு கடையில் ரீசெட் போடச் சொல்லியிருக்கிறார்கள். பேரன் படங்கள் போய்விடும் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நல்லவேளை.

கீபோர்டில் ஒரே வரிசை மட்டும் போவது சாஃப்ட்வேர் மாதிரிதான் தோன்றும். ஆனால் கீபோர்டு மூடியிருக்கும்போது, வாட்ஸ்அப் பட்டியலில் அதே உயரத்தில் இருக்கும் பெயரைத் தொட்டால் அதுவும் திறக்கவில்லை. கொஞ்சம் ஸ்க்ரோல் செய்து மேலே கொண்டுவந்தால் அதே பெயர் திறந்தது. அங்கேயே கீபோர்டு மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. டெம்பர்டு கிளாஸைக் கழற்றினோம், மாற்றமில்லை. சார்ஜில் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். `Pointer location` ஆன் செய்து மேலிருந்து கீழாக இழுத்தபோது, எந்த ஓரத்தில் இழுத்தாலும் ஒரே உயரத்தில் கோடு மறைந்து, அரை விரல் கீழே புதிதாகத் தொடங்கியது. படுக்கைவாட்டில் திருப்பினால் அந்த வரிசையின் பெரும்பாலான எழுத்துகள் விழுந்தன, ஓரிடத்தில் மேலிருந்து கீழ்வரை சில எழுத்துகள் மட்டும் விழவில்லை. திரையின் குறுக்கே நின்ற அந்தப் பட்டை இப்போது நெடுக்காக, கண்ணாடியில் அதே இடத்தில். சேஃப் மோடிலும் அப்படியே. மவுஸைச் செருகினால் அந்தப் பட்டையில் இருந்த எல்லாம் திறந்தது.

பிறகு விசாரித்ததில், ஒரு வாரத்துக்கு முன் சமையலறைத் தரையில் விழுந்திருக்கிறது. கண்ணாடி உடையாததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கண்ணாடி முழுசாக இருந்தாலும் அடியில் ஒரு மின்கோடோ, அதன் ஓர இணைப்போ அறுந்துபோகலாம். இங்கே நடந்தது அதுதான். மவுஸை வைத்தே படங்களை எல்லாம் நகல் எடுத்தோம், டிஸ்ப்ளே மாற்றியதும் சரியானது.

கடையில் என்ன கேட்க வேண்டும்

ஹார்ட்வேர் என்று முடிவானாலும் டிஸ்ப்ளேதான் என்று அர்த்தமில்லை. மூன்று இடம் இருக்கிறது: டிஸ்ப்ளே, அதைப் போர்டோடு சேர்க்கும் கனெக்டர், போர்டு. நேரான பட்டை செத்திருந்தால், விரிசலைச் சுற்றித் தட்டினால், பெரும்பாலும் டிஸ்ப்ளே. போனை லேசாக முறுக்கினாலோ தட்டினாலோ டச் வந்துவந்து போனால், அல்லது சமீபத்தில் கடையில் திறந்த பிறகு தொடங்கினால், கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி செருகச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் புதுப் பாகம் எதுவும் வேண்டியதில்லை.

போர்டுப் பழுதுக்கு ஐபோன் 6 பிளஸ் நல்ல உதாரணம். திரையின் மேல் ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை மினுக்கும், டச் கேட்காது. போன் வளைந்து வளைந்து, போர்டில் டச் சில்லின் சால்டர் இணைப்புகள் விரிந்ததாகப் பழுதுபார்ப்பவர்கள் கண்டார்கள். டிஸ்ப்ளேயை மாற்றினாலும் போகவில்லை. 2016 நவம்பரில் ஆப்பிள் அதற்கென்று தனிப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது. இதற்கு மாறாக, ஐபோன் எக்ஸில் வந்த டச் கோளாறுக்கு டிஸ்ப்ளேயில் இருந்த ஒரு பாகமே காரணம் என்று சொல்லி 2018 நவம்பரில் இலவசமாக மாற்றிக்கொடுத்தது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். ஐபோனில் `Pointer location` கிடையாது. அதற்குப் பதிலாக முகப்பில் ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுவதும் மெதுவாக இழுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் ஐகான் கைநழுவினால், அங்கே பட்டை செத்திருக்கிறது.

டிஸ்ப்ளே மாற்றும்போது கடைக்காரர்கள் டச்சும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த காம்போ என்று சொல்வார்கள். ஒரிஜினலா காப்பியா என்று கேளுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள். காப்பி காம்போக்களில் நன்றாக இருப்பவையும் உண்டு, ஆனால் டச் நுட்பத்திலும் சார்ஜர் இரைச்சலைத் தாங்குவதிலும் பல பின்தங்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, புதிய காம்போவைப் பசை போட்டு ஒட்டுவதற்கு முன், கனெக்டரை மட்டும் செருகிப் போனை ஆன் செய்து தரச் சொல்லுங்கள். `Pointer location` ஆன் செய்து, வீட்டில் போட்ட அதே கோடுகளை அங்கே போடுங்கள். பழைய கோளாறு அப்படியே இருந்தால் பழுது போர்டில் இருக்கிறது, அந்தக் காம்போவுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கோடு அறுகாமல் வந்தால் சார்ஜர் செருகியும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அப்புறம் ஒட்டச் சொல்லலாம்.